வாசித்த பந்தியும் கேட்ட விரிவுரையும்: ஒரே விடையில் எழுதுவது எப்படி?

கேள்வி: அக்கா, நான் கிளிநொச்சி அறிவியல்நகரில் முதலாம் வருடம் படிக்கிறேன். ஆங்கிலப் பாடத்தில் ஒரு பந்தி வாசிக்கத் தந்து, பிறகு சின்ன லெக்சர் ஒன்றை ஒரேயொரு தரம் போட்டு, இரண்டையும் சேர்த்து 20 நிமிடத்தில் எழுதச் சொல்கிறார்கள். முதல் பாதியில் வாசித்ததைச் சுருக்கினேன், மற்றப் பாதியில் கேட்டதைச் சுருக்கினேன். இலக்கணப் பிழை பெரிதாக இல்லை. ஆனால் ஐந்துக்கு இரண்டுதான் கிடைத்தது. எங்கே பிழைக்கிறேன்?

பதில்:

நீங்கள் எழுதியது இரண்டு சுருக்கங்கள், தங்கச்சி. அவை ஒன்றோடொன்று எப்படி முட்டுகின்றன என்று கண்டுபிடிக்கும் வேலையைத் திருத்துகிறவரிடம் விட்டுவிட்டீர்கள். இந்த வினாவில் புள்ளி கிடப்பதே அந்த முட்டுகிற இடத்தில்தான்.

இது டோஃபல் பரீட்சையிலிருந்து வந்த வினா. 2005இல் அந்தப் பரீட்சை இணையவழி வடிவத்துக்கு வந்தபோது இதைச் சேர்த்தார்கள். வாசிக்க மூன்று நிமிடம், விரிவுரை ஏறக்குறைய இரண்டு நிமிடம், எழுத 20 நிமிடம். 150 முதல் 225 சொல் வரை எழுதினால் போதும் என்றார்கள். 2026 ஜனவரியில் டோஃபல் மாறியபோது இந்த வினாவை எடுத்துவிட்டார்கள். ஆகவே வெளிநாட்டுப் படிப்புக்காக டோஃபல் எழுத இருப்பவர்கள் இப்போதைய வடிவத்தைப் பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள். பழைய பயிற்சிப் புத்தகங்களில் இது இன்னும் இருக்கும். ஐஈஎல்டிஎஸ் எழுத்துப் பகுதியில் இப்படி ஒன்று இல்லை. உங்கள் கம்பஸில் வைப்பதைப் போன்ற வகுப்புப் பரீட்சைக்கு இது மிகப் பொருத்தமான வினா. நோட்ஸில் ஒன்று இருக்கும், விரிவுரையாளர் வந்து "அது முழுக்கச் சரியில்லை" என்பார், நீங்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். நாலு வருடமும் செய்யப்போகிற வேலை இது.

உங்களுக்கு ஏன் இரண்டு என்பதும் டோஃபல் அளவுகோலைப் பார்த்தால் விளங்கும். விரிவுரையின் முக்கியமான விஷயங்களைத் தெரிந்தெடுத்து, பந்தியில் உள்ள விஷயங்களோடு சரியாகத் தொடர்புபடுத்தினால் 5. முக்கியமான ஒரு விஷயம் விடுபட்டாலோ தொடர்பு மங்கலாக இருந்தாலோ 3. இரண்டுக்கும் உள்ள உறவே சொல்லப்படாமல் விட்டால், அல்லது பிழையாகச் சொல்லப்பட்டால் 2. பந்தியை அப்படியே பார்த்து எழுதினால் 0. இந்த அளவுகோலில் மொழிப் பிழையும் பார்க்கப்படும், ஆனால் உறவு இல்லாத விடையை நல்ல இலக்கணம் தூக்கிவிடாது.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் ஒரு பந்தியை மூன்றிலொன்றாகச் சுருக்கப் பழகியவர்கள். அதில் மூலம் ஒன்றுதான். எல்லாக் கருத்துக்கும் சமமாக இடம் கொடுத்து, உதாரணங்களைக் கழித்துவிட்டால் முடிந்தது. இங்கே மூலம் இரண்டு, அவை சமமும் இல்லை. வினாவை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள்: விரிவுரையில் சொன்னவற்றைச் சுருக்கு, அவை பந்தியின் குறிப்பிட்ட கருத்துகளை எப்படிக் கேள்விக்குள்ளாக்குகின்றன என்று விளக்கு. எழுவாய் விரிவுரை. விடை எழுதும்போதும் பந்தி கையில் இருக்கும். யாரும் அதைப் பார்த்து எழுதலாம். ஒரு தரம் மட்டும் கேட்ட விரிவுரையை நீங்கள் விளங்கிக்கொண்டீர்களா என்பதுதான் அளக்கப்படுகிறது. விடையின் மூன்றில் இரண்டு பங்கு விரிவுரைக்குப் போகட்டும். பந்தியிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் ஒரு வசனம் போதும், விரிவுரையாளர் எதற்குப் பதில் சொல்கிறார் என்று காட்டுகிற அளவுக்கு.

சரி, ஒன்றை முழுதாகச் செய்து பார்ப்போம். என் வகுப்புக்கென்று நானே எழுதிய சோடி ஒன்று இருக்கிறது, குளம் ஆழமாக்குவது பற்றியது. ஆங்கிலத்தில் உள்ளதை இங்கே தமிழில் சுருக்கித் தருகிறேன். ஒழுங்கு பிடிபட்டால் ஆங்கிலத்திலும் அதே ஒழுங்குதான்.

பந்தி சொல்வது இது: வறண்ட வலயத்துச் சிறு குளங்கள் பல தூர்ந்துவிட்டன, அடியை வெட்டி ஆழமாக்குவதே அதற்குச் சிறந்த வழி. முதலாவது, ஆழமாக்கினால் குளம் கொள்ளும் தண்ணீர் கூடும், அதனால் சிறுபோகத்தில் கூடுதலான வயலுக்குத் தண்ணீர் விடலாம். இரண்டாவது, அதே அளவு தண்ணீர் குறைந்த பரப்பில் நிற்கும், அதனால் வெயிலில் ஆவியாகி வீணாவது குறையும். மூன்றாவது, வெட்டி எடுக்கும் வண்டல் வளமானது, விவசாயிகள் அதை வயலில் போடலாம், வேலையின் செலவில் ஒரு பகுதி அப்படித் திரும்பிவிடும்.

விரிவுரையாளர் சொல்வது இது: ஆழமாக்குவது கேட்க நன்றாக இருக்கும், பலன் அவ்வளவு வராது. குளம் கூடுதலான தண்ணீரைப் பிடிக்கும் என்பது சரி. ஆனால் வயலுக்குத் தண்ணீர் போவது துருசு வழியாக. துருசின் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு வெட்டினாலும் அங்கே நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்குத் தானாக ஏறாது. மாடு குடிக்கும், மீன் வாழும், வயலுக்குப் போகாது. அடுத்தது ஆவியாதல். குளத்தின் அடியில் நீண்ட காலமாகப் படிந்த நுண்ணிய களிதான் தண்ணீர் கீழே இறங்காமல் பிடித்துவைக்கிறது. இயந்திரம் அந்தப் படையைக் கிழித்துவிட்டால், ஆவியாகாமல் மிச்சம் பிடித்த தண்ணீரைவிடக் கூடுதலாகக் கசிந்து போய்விடும். கடைசியாக, வளமான மண் மேலே மெல்லிய படையாக மட்டும் இருக்கும். அதற்குக் கீழே வருவது கிரவலும் கட்டிக் களியும். அதை யாரும் வயலுக்கு ஏற்றுவதில்லை; அலைகரையில் கொட்டுவார்கள், அடுத்த மாரியில் அது திரும்பக் குளத்துக்குள் வரும்.

இப்போது அந்த மூன்று நிமிட வாசிப்பு. முதல் ஒரு நிமிடத்தில் மூன்று காரணங்களும் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். அநேகமாக அதன் ஒவ்வொரு பிரிவின் தலையிலும் ஒன்று இருக்கும். மிச்ச நேரத்தை ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரிப்பதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு உண்மையும், "அதனால்" என்று அதன் மேல் ஏற்றிய ஒரு முடிவும் இருக்கும். ஆழமாக்கினால் தண்ணீர் கூடும் என்பது உண்மை. அதனால் வயலுக்குக் கூடுதலாக விடலாம் என்பது முடிவு. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் விரிவுரைக்குப் போனால், விரிவுரையாளர் எங்கே அடிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

அவர் அடிக்கக்கூடிய இடங்கள் சில வகைதான். அந்த உண்மையே பிழை என்று சொல்லலாம். உண்மை சரி, அந்த முடிவு அதிலிருந்து வராது என்று சொல்லலாம். உண்மையும் முடிவும் இருக்கட்டும், ஆனால் இன்னொரு பக்கத்தில் அதைவிடப் பெரிய நட்டம் வருகிறது என்று சொல்லலாம். உண்மை ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்தும் என்றும் சொல்லலாம். எங்கள் உதாரணத்தில் முதலாவது இடத்தில் அவர் உண்மையை ஒத்துக்கொண்டு முடிவை வெட்டுகிறார். இரண்டாவதில் ஆவியாதல் குறைவதை மறுக்கவில்லை, கசிவு என்ற நட்டத்தை அதன் எதிரில் வைக்கிறார். மூன்றாவதில் வளமான மண் மேற்படை மட்டும்தான் என்கிறார். மூன்றும் எதிர்ப்புதான், ஆனால் மூன்று விதமான எதிர்ப்பு.

பிள்ளைகள் கூடுதலாகப் புள்ளி இழப்பது இந்த இடத்தில். என் வகுப்பில் முதல் தரம் இதைக் கொடுக்கும்போது வழக்கமாக வருகிற விடை இப்படி இருக்கும்: "ஆழமாக்கினால் தண்ணீர் கூடும் என்று பந்தி சொல்கிறது. விரிவுரையாளர் இதை மறுக்கிறார். ஆழமாக்கினால் தண்ணீர் கூடாது என்கிறார்." அவர் அப்படிச் சொல்லவே இல்லை. தண்ணீர் கூடும் என்று வாயால் ஒத்துக்கொண்டார். விரிவுரை எப்போதும் பந்திக்கு எதிராகத்தான் இருக்கும் என்று படித்துவைத்த பிள்ளை, "எதிர்" என்றால் தலைகீழ் என்று எடுத்துக்கொண்டு, கேளாததை எழுதிவிடுகிறது. இன்னொரு வகை விடை பாதுகாப்பாக இருக்கப் பார்க்கும்: "தண்ணீர் விஷயத்தில் சில பிரச்சினைகள் இருப்பதாக விரிவுரையாளர் சொல்கிறார்." பிழை இல்லை, ஆனால் எதுவும் சொல்லவும் இல்லை. துருசு என்ற சொல் இல்லாத விடை, அந்தப் பிள்ளைக்கு விரிவுரையின் முதல் விஷயம் விளங்கவில்லை என்றுதான் திருத்துகிறவருக்குக் காட்டும்.

கேட்கும்போது குறிப்பெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடத்தில் விரிவுரையாளர் ஏறக்குறைய 300 சொல் பேசிவிடுவார். உங்கள் கை அதற்குள் 40, 50 சொல் எழுதினால் பெரிய காரியம். அப்படியென்றால் ஒரு விஷயத்துக்குப் பத்துப் பதினைந்து சொல். எதை எழுதுவது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் இது சாத்தியம். அதற்குத்தான் வாசிக்கும்போது தாளை நெடுக்குக் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கத்தை ஒடுக்கமாக, வலது பக்கத்தை அகலமாக வைக்கச் சொல்கிறேன். இடதில் பந்தியின் மூன்று காரணங்களையும் இடைவெளி விட்டு எழுதுங்கள், ஒவ்வொன்றும் நாலு சொல்லுக்கு மேல் போகாமல். விரிவுரையாளர் பெரும்பாலும் பந்தியின் ஒழுங்கிலேயே வருவார். அவர் முதலாவது விஷயத்துக்கு வரும்போது உங்கள் பேனை முதலாவது வரிக்கு நேரே வலதில் நிற்கும். தொடர்பு என்று நான் சொல்வது அங்கேயே பாதி நடந்துவிடுகிறது.

என் வலது பக்கம் இப்படி இருக்கும். முதலாவது வரிக்கு நேரே: "ஓம். ஆனா துருசு கீழ் → வயல் இல்லை. மாடு, மீன்." இரண்டாவதுக்கு நேரே: "அடிக் களி = தடுப்பு. வெட்டினா கசிவு > ஆவி." மூன்றாவதுக்கு நேரே: "மேல் படை மட்டும். கீழ் கிரவல், அலைகரை, மழை, திரும்ப." எந்த மொழியில் எழுதுவது என்று கேட்பீர்கள். கைக்கு எது முதலில் வருகிறதோ அதில் எழுதுங்கள். ஆனால் விடையில் அப்படியே வேண்டிய சொற்களை, துருசு, கசிவு, களி போன்றவற்றுக்கு அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லையே, எழுத்துக்கூட்டல் பிழைத்தாலும், பிடித்துவையுங்கள். தமிழில் குறித்துவிட்டால் எழுதும்போது அந்த ஆங்கிலச் சொல் நினைவுக்கு வராமல் நிற்க நேரும்.

அந்தக் குறிப்பில் முதலில் உள்ள "ஓம்" என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். விரிவுரையாளர் எதையாவது ஒத்துக்கொண்டால் அதை உடனே குறிக்க வேண்டும். இரண்டு வினாடியில் கடந்துபோகிற வசனம் அது. அதைத் தவறவிட்டவர்கள்தான் "தண்ணீர் கூடாது என்கிறார்" என்று எழுதியவர்கள்.

நானும் இந்தப் பரீட்சைக்குப் பழகிய காலத்தில் முதலாவது விஷயத்தை வரிவரியாக எழுதிக்கொண்டிருந்து, தலை நிமிர்ந்தபோது விரிவுரையாளர் மூன்றாவதின் கடைசி வசனத்தில் நின்றார். இரண்டாவது விஷயம் அரைகுறை, மூன்றாவது இல்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: அவர் அடுத்த விஷயத்துக்கு மாறுகிற சொல் காதில் விழுந்தவுடன், எழுதிக்கொண்டிருக்கிற வரி பாதியில் நின்றாலும் பேனையைக் கீழே இறக்குவது. "நெக்ஸ்ட்", "அஸ் ஃபோர்", "ஃபைனலி" போன்ற சொற்கள் வந்தால் அந்த வரி முடிந்தது. விட்ட சொல்லைப் பேச்சு முடிந்த பிறகு நினைவிலிருந்து நிரப்பலாம். கேளாமல் விட்டதை எங்கிருந்தும் நிரப்ப முடியாது.

இந்தக் குறிப்பிலிருந்து வருகிற விடை இப்படி இருக்கும்:

"குளங்களை ஆழமாக்குவது வறண்ட வலயத்துக்கு மூன்று நன்மை தரும் என்று பந்தி வாதிடுகிறது. விரிவுரையாளர் அந்த மூன்றும் எதிர்பார்த்தபடி கிடைக்காது என்கிறார்.

முதலாவதாக, ஆழமான குளம் கூடுதலான வயலுக்குத் தண்ணீர் தரும் என்பது பந்தியின் கருத்து. குளத்தின் கொள்ளளவு கூடும் என்பதை விரிவுரையாளர் ஒத்துக்கொள்கிறார். ஆனால் துருசின் மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்குப் பாய முடியாது என்றும், அது மாடுகளுக்கும் மீன்களுக்கும் உதவுமே தவிரப் பயிருக்கு உதவாது என்றும் விளக்குகிறார்.

இரண்டாவதாக, பரப்புக் குறைவதால் ஆவியாதல் குறையும் என்று பந்தி சொல்கிறது. குளத்தின் அடியில் உள்ள களிப் படைதான் தண்ணீரைத் தடுத்துவைக்கிறது என்று விரிவுரையாளர் சுட்டிக்காட்டுகிறார். வெட்டும்போது அது உடைந்தால், ஆவியாதலில் மிச்சப்படும் அளவைவிடக் கசிவில் இழப்பது கூடும் என்பது அவர் வாதம்.

மூன்றாவதாக, வெட்டிய மண்ணை வயலுக்குப் பயன்படுத்திச் செலவை ஈடுசெய்யலாம் என்பதையும் அவர் ஏற்கவில்லை. மேற்படை மட்டுமே வளமானது என்றும், கீழே வரும் கிரவலும் களியும் அலைகரையில் கொட்டப்பட்டு மழையோடு மீண்டும் குளத்துக்குள் வந்துவிடும் என்றும் சொல்கிறார்."

ஆங்கிலத்தில் இதை எழுதினால் கேட்ட அளவுக்குள் வசதியாக நிற்கும். முடிவுரை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தேவையில்லை. மூன்றாவது விஷயம் முடிந்த இடத்தில் விடையும் முடிந்தது. கடைசியில் "ஆகவே ஆழமாக்குவதில் நன்மையும் உண்டு தீமையும் உண்டு" என்று ஒரு வசனம் சேர்த்தால், அது இரண்டு பேரும் சொல்லாத மூன்றாவது கருத்து, உங்கள் கருத்து. இந்த வினாவில் அதற்கு இடமில்லை.

இன்னொன்று. இந்த விடையில் ஏறக்குறைய ஒவ்வொரு வசனத்திலும் "என்கிறார்", "விளக்குகிறார்", "பந்தி சொல்கிறது" என்று ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். தமிழில் எங்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. "குளம் வான் பாயுதாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் கண்ணால் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டார் என்பது அந்த "ஆம்" என்ற வாலிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு தரம் "அவர் சொன்னார்" என்று தொடங்கிவிட்டால் பிறகு ஆம், ஆம் என்று நாலு வசனம் ஓட்டலாம். ஆங்கில வினைச்சொல்லுக்கு அப்படி ஒரு வால் இல்லை. அதனால் எங்கள் பிள்ளைகள் முதல் வசனத்தில் "விரிவுரையாளர் சொல்கிறார்" என்று எழுதிவிட்டு, அடுத்த மூன்று வசனங்களை நேரடியாக, தாங்களே சொல்வது போல எழுதிவிடுவார்கள். வாசிக்கிறவருக்கு அது யாருடைய கருத்து என்று தெரியாமல் போகும். பந்தியும் விரிவுரையும் எதிரெதிராக நிற்கும் விடையில் இது ஆபத்து. பந்தியின் கருத்தை விரிவுரையாளர் வாயில் வைத்தது போல ஆகிவிடும். நான் சொல்லிக்கொடுக்கிற சோதனை இதுதான்: எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு ஆங்கில வசனத்தையும் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் "ஆம்" போட வேண்டி வந்தால், ஆங்கில வசனத்தில் ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். இல்லையென்றால் போடுங்கள்.

அந்தச் சொந்தக்காரருக்குப் போடும் வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். பந்திக்கு "கிளேம்ஸ்", "ஆர்கியூஸ்" பொருந்தும். விரிவுரையாளருக்கு "பொயின்ட்ஸ் அவுட்", "எக்ஸ்ப்ளெய்ன்ஸ்" நல்லது. ஒத்துக்கொள்ளும் இடத்தில் "அட்மிட்ஸ்" போட்டு "பட்" என்று திருப்புங்கள். "ப்ரூவ்ஸ்" வேண்டாம், அவர் நிரூபித்தார் என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. மறுக்கிறார் என்பதற்கு "ரெஃப்யூட்ஸ்" எழுத நினைத்து "ரெஃப்யூஸ்" எழுதுகிற பிழையை நான் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். பின்னது "செய்ய மாட்டேன்" என்ற மறுப்பு. "டவுட்" என்ற சொல்லை நாங்கள் கேள்வி என்ற கருத்தில் வீட்டிலும் புழங்குவதால் "விரிவுரையாளருக்கு ஒரு டவுட் இருக்கிறது" என்று எழுதிவிடுவோம். அது அவருக்கு எதுவோ விளங்கவில்லை என்பது போல ஒலிக்கும்.

பந்தியின் வசனங்களைப் பார்த்து எழுதக் கூடாது என்று சொன்னவுடன் சிலர் எல்லாச் சொல்லையும் மாற்றப் பார்ப்பார்கள். குளத்துக்கு வேறு சொல், வண்டலுக்கு வேறு சொல் என்று தேடி, கடைசியில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் போகும். பொருளின் பெயர் அப்படியே இருக்கலாம். மாற வேண்டியது வசனத்தின் கட்டு. பந்தியைப் பார்க்காமல் அந்தக் காரணத்தை ஒரு தரம் தமிழில் உங்களுக்கே சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் எழுதினால், கட்டு தானாக மாறிவிடும்.

குளம் பற்றிய இந்த உதாரணத்தை நான் வேண்டுமென்றே தெரிந்தெடுத்தேன். வன்னிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. வவுனிக்குளத்துப் பக்கமிருந்து வந்த ஒரு மாணவர், அப்பாவோடு வயலுக்குப் போய் வளர்ந்தவர், மிக நல்ல விடை ஒன்று எழுதினார். அதில் குளக்கட்டின் அடிவாரத்துக்குக் கிட்ட வெட்டினால் கட்டுக்கே ஆபத்து என்று ஒரு முழுப் பந்தி இருந்தது. அது சரியான விஷயம்தான். ஆனால் விரிவுரையாளர் அதைச் சொல்லவில்லை. அந்தப் பந்திக்குப் புள்ளி இல்லை. அதை எழுதிய நேரத்தில் மண் பற்றிய மூன்றாவது விஷயம் இரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது. தெரியாத விஷயம் வந்தால் நாங்கள் காதை நம்புகிறோம். நன்றாகத் தெரிந்த விஷயம் வந்தால் அவர் சொல்லாததையும் சொன்னதாக நினைத்துவிடுகிறோம். சோதனைக்கு ஒரு வழி: விடையில் விரிவுரையாளர் பெயரில் உள்ள ஒவ்வொரு விஷயத்தையும் குறிப்பின் வலது பக்கத்தில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாதது உங்கள் தலையிலிருந்து வந்தது. வெட்டிவிடுங்கள்.

20 நிமிடத்தில் முதல் இரண்டை எழுதாமல் குறிப்பை நிரப்பவும், ஒவ்வொரு வரியிலும் எந்த வகை எதிர்ப்பு என்று முடிவெடுக்கவும் வையுங்கள். பதினான்கு நிமிடம் எழுத்து. கடைசி நாலில் முதலில் "ஆம்" சோதனை, பிறகு வினைமுடிவும் ஒருமை பன்மையும். நேரம் போதாமல் போனால் முன்னுரையை ஒரே வசனமாக்குங்கள், மூன்றாவது விஷயத்தை விடாதீர்கள். இரண்டு விஷயம் மிக அழகாகவும் மூன்றாவது இல்லாமலும் இருக்கிற விடையைவிட, மூன்றும் சுமாராக இருக்கிற விடைக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

பழகுவதற்கு ஒரு யோசனை. போனில் லெக்சரைப் போட்டுப் பழகினால் கை தானாகப் பின்னுக்கு இழுத்து இன்னொரு தரம் கேட்கும். பரீட்சையில் அது நடக்காது. விடுதியில் பக்கத்துக் கட்டில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்னால் உள்ள விரிவுரை எழுத்தை எடுத்து ஒரே ஒரு தரம், நிறுத்தாமல் வாசிக்கட்டும். மற்றவர் குறிப்பெடுத்த பிறகு விடை எழுதாமல், வலது பக்கத்தைப் பார்த்து மூன்று விஷயத்தையும் வாயால் சொல்லட்டும்: பந்தி இதைச் சொல்லுது, அவர் இதுக்கு ஓம் என்றவர், ஆனா இந்த இடத்தில் வெட்டினவர். வாசித்தவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, சொல்லாததைச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சோடி போதும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாயால் மூன்றும் சரியாக வரத் தொடங்கிய பிறகு எழுதிப் பாருங்கள். உங்கள் அடுத்த விடையை அனுப்பினால், குறிப்புத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். பிழை எங்கே தொடங்கியது என்று எனக்கு அதில்தான் தெரியும்.